சாப்பாட்டை விட்டால் மேல்வயிறு எரிகிறது, மலமும் கறுப்பாகப் போகிறது

காலையில் சாப்பிடாமல் விட்டால் மேல்வயிறு எரியுது, கேஸ் அடைக்குது. நேத்து மலம் கறுப்பா போச்சு. சாப்பாட்டை மாத்தினா போதுமா?

போதாது. முதலில் அந்தக் கறுப்பு மலத்தைக் கவனியுங்கள். தார் போலப் பளபளத்து, ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றம் அடித்தால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த ரத்தம் செரித்து வருவதால்தான் கறுப்பு. இன்றே மருத்துவரைப் பாருங்கள். தலைசுற்றல், படபடப்பு, ரத்த வாந்தி இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும்தான். அதற்காக நீங்களே 'அதுதான்' என்று முடிவு கட்டாதீர்கள்.

வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பலருக்கு நடப்பது இதுதான்: காலை வெறும் காபி, மதியம் பசியில் தலைவலி, உடனே வெறும் வயிற்றில் ஐபுபுரோஃபென். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தை அந்த மாத்திரை பலவீனமாக்கும். அமிலம் அங்கே புண்ணாக்கும். மருத்துவரைப் பார்க்கும்வரை அதை நிறுத்துங்கள். ஆனால் இதயத்துக்காகத் தந்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், உடனே கேளுங்கள்.

ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியானபின் உணவுக்கு வரலாம். நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், புகையையும் மதுவையும் விடுங்கள். எரிச்சல் தொடர்ந்தால், இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனையைக் கேளுங்கள். அது இருந்தால் உணவு மாற்றத்தால் போகாது, ஆன்டிபயாடிக் வேண்டும்.