டீப்பாயில் முட்டாமல் ஹாலைக் கடப்பது எப்படி?

"அண்ணா, ரங்கூனில் 12½ அடி அகல மாடி வீடு எங்களுடையது. முன்னால் ஹால் 14 அடி நீளம், பிறகு பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் படுக்கையறைகள். படிக்கட்டிலிருந்து வரும் கதவு இடது சுவரில், பால்கனியை ஒட்டி. சமையலறைக்குப் போகும் நடை வலது பக்கம். மாமியார் கொடுத்த தேக்கு சோபா செட் (பெரியது ஒன்று, ஒற்றை இரண்டு), டிவி மேசை, டீப்பாய், இன்வர்ட்டர் எல்லாம் ஹாலில்தான். யார் எழுந்து போனாலும் டிவியை மறைத்துக்கொண்டுதான் போகணும், கரண்ட் போனால் டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொள்கிறோம். சோபாவை விற்காமல் ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். ஆனால் சோபாவை எங்கே போடலாம் என்று முதலில் யோசிக்காதீர்கள். கதவு இடது முன்மூலையில், நடை வலது பின்மூலையில், அதனால் உங்கள் வீட்டில் எல்லோரும் ஹாலைக் குறுக்கே வெட்டித்தான் போகிறார்கள், டீப்பாய் அந்த வெட்டுக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. பொருள்களைச் சுவரோடு சுவராக எவ்வளவு ஒட்டித் தள்ளினாலும் இந்தக் குறுக்குப் பாதை அப்படியேதான் இருக்கும். ஹால் நிறைந்து கிடக்கிற மாதிரி தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பாதையை மடக்கிவிடுங்கள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் பால்கனி ஓரமாகவே வலது சுவர் வரை போய், அங்கிருந்து நேராகப் பின்னால் நடைக்குள் நுழைவது போல, ட எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு பாதை. இரண்டு பக்கமும் 36 அங்குல அகலம். ஒருவர் போக 30 அங்குலம் போதும்தான், ஆனால் தோளில் அரிசி மூட்டையோடு வருகிறவருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கும் அது பத்தாது. நாலு எட்டு கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. பதிலுக்கு இடது பக்கத்தில் யாரும் மிதித்துப் போகாத ஒரு முழுச் சதுரம் உங்களுக்குக் கிடைக்கிறது.

இந்தப் பாதையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நம்ம ஊர் நீளவீடுகளில் காற்று வர வழி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். பால்கனியில் நுழைகிற காற்று நடை வழியாகத்தான் சமையலறைக்குப் போக வேண்டும். ஆள் போகிற வழியும் காற்று போகிற வழியும் ஒன்றாகிவிடுவதால், பாதையைக் காலியாக வைத்தாலே ஹாலில் காற்று தடையில்லாமல் ஓடும். அந்த நேர்கோட்டில் பீரோ, உயரமான அலமாரி எதுவும் வேண்டாம்.

இப்போது கணக்கு. 12½ அடி என்று சொன்னாலும் சுவர் போக உள்ளே ஏறக்குறைய 140 அங்குலம் இருக்கும். உங்கள் டேப்பை வைத்து அளந்துவிடுங்கள், நான் வைத்திருப்பது உத்தேசம்தான். பெரிய சோபா 32 அங்குல ஆழம் என்று வைத்துக்கொள்வோம், அதை இடது சுவரோடு போடுங்கள். கால் நீட்ட 16 அங்குலம் விடுங்கள். டீப்பாய் 20 அங்குலத்துக்கு மேல் அகலம் வேண்டாம். இதுவரை 68 ஆயிற்று, மீதி 72. அதில் பாதைக்கு 36 போனால் இன்னொரு 36 டீப்பாய்க்கு அந்தப் பக்கம் கிடக்கும், விருந்தாளி வந்தால் ஒரு பிரம்பு நாற்காலி அங்கே உட்காரும். நாற்காலி பாதைக்குள் நீட்டாது. ஒற்றை சோபா இரண்டும் ஹாலுக்கு வேண்டாம். விற்கச் சொல்லவில்லை, ஒன்று படுக்கையறைக்கு, ஒன்று பால்கனிக்கு வெயில் மழை படாத இடமிருந்தால் அங்கே. தேக்கு ஒற்றையை இழுக்க ஒரு ஆள் வேண்டும், பிரம்பு நாற்காலியை மாமியாரே ஒரு கையில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

உங்கள் சோபா 38, 40 அங்குல ஆழம் என்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்போது டீப்பாயைத்தான் விட வேண்டும், பாதையைக் குறைக்கக் கூடாது. டீ டம்ளர் வைக்க சோபா பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போதும்.

நீளத்தில் பார்த்தால், தடுப்பிலிருந்து 30 அங்குலம் தள்ளி சோபாவைத் தொடங்குங்கள். ஆறரை அடி சோபா முடிந்த பிறகும் கதவுக்கு முன்னால் சுமார் 24 அங்குலம் மிச்சம் இருக்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கதவின் கீல் சோபா பக்கம் இருந்தால், 36 அங்குலக் கதவு முழுதாகத் திறக்காமல் சோபாக் கையில் போய் முட்டும். தச்சரைக் கூப்பிட்டு கீலைப் பால்கனிப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள், அரை நாள் வேலை.

சரி, டிவி. வலது சுவரில் இருக்கிற வரை நடக்கிறவர் படத்தை மறைத்துக்கொண்டுதான் இருப்பார். அதைப் பலகைத் தடுப்பில், நடைக்குப் பக்கத்து முனையில், மடங்கி நீளும் கையுள்ள பிராக்கெட்டில் மாட்டி, சோபாவைப் பார்க்கச் சாய்த்துவிடுங்கள். 43 அங்குல டிவிக்கு சோபா நடுவிலிருந்து ஏழடிக்குச் சற்றுக் கூட இருக்கும், கண்ணுக்கு அது சரியான தூரம். சாய்த்து வைப்பதால் பால்கனி வெளிச்சமும் கண்ணாடி போலத் திரையில் அடிக்காது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: வெறும் பிளைவுட்டில் திருகாதீர்கள். தடுப்பைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வருகிற இடம் வெற்றிடம், கெட்டியாகக் கேட்கிற இடத்தில்தான் உள்ளே சட்டம் இருக்கும். கை நீட்டிய பிராக்கெட் டிவியின் எடையைவிட அதிகமாகவே திருகை இழுக்கும். பழைய டிவி மேசை உள்ளே போகட்டும்.

இன்வர்ட்டர் பேட்டரியை எங்கே வைப்பது என்றால், பாதை திரும்புகிற வெளிமூலையில், அதாவது பால்கனியும் வலது சுவரும் சேருகிற இடத்தில். வளைவில் மனிதர்கள் உள்பக்கமாகத்தான் ஒட்டித் திரும்புவார்கள், வெளிமூலையை யாரும் மிதிப்பதில்லை, அதனால் அது சும்மா கிடக்கிற இடம். தண்ணீர் ஊற்றுகிற வகை பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடிய வாயுவை விடும், ஆகவே மூடிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது, சாமி விளக்குக்குக் கீழேயும் கூடாது. சாரல் அடிக்குமானால் ஒரு சாண் உயரமான பலகை மேல் வையுங்கள், ஒயரைச் சுவரோடு கொண்டுபோங்கள், பாதையைக் குறுக்கே தாண்ட விடாதீர்கள். சாமி அலமாரியை சோபாவுக்கும் தடுப்புக்கும் நடுவே மிஞ்சிய மூலையில், இடது சுவரில் மாட்டலாம்.

உள்வளைவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் உரசித் திரும்பும் அந்த இடத்தில் கூர்மூலையுள்ள எதுவும் இருக்கக் கூடாது. என் வீட்டில் அங்கே ஒரு செதுக்குக்கால் ஸ்டூல் வைத்தேன், கரண்ட் போன ஒரு ராத்திரி கால் சுண்டுவிரல் நகம் போயிற்று, அதற்கப்புறம்தான் புத்தி வந்தது.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் தரையில் சாக்பீஸால் சோபா, டீப்பாய், நாற்காலி மூன்றையும் உண்மை அளவில் வரையுங்கள். ஹாலைக் காலி செய்ய முடியாவிட்டால் மொட்டை மாடியில் வரையலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு கதவிலிருந்து சமையலறை வரை ஒருவரைச் சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். கோட்டை மிதித்தால் அந்த இடத்தில் இரண்டு மூன்று அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி வரையுங்கள். மாமியாரையும் நடக்கச் சொல்லுங்கள், இருட்டில் அவர் சுவரைத் தொட்டுத்தான் வருவார், ஆகவே வலது சுவரில் இடுப்பு உயரத்தில் எதையும் மாட்டி வைக்காதீர்கள்.