ஒரு தையல் லைன், நான்கு ஊக்கமூட்டல் கோட்பாடுகள்: தேர்வுக்கான கேள்வி பதில்

எம்.பி.ஏ. மாணவி: ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் தனித்தனி உதாரணம் எழுதுகிறேன். 'ஒப்பீடு இல்லை' என்று மதிப்பெண் குறைகிறது. அட்டவணையை எப்படிப் போடுவது?

நான்கு இடங்களிலிருந்து உதாரணம் எடுத்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஒரே சிக்கலை எடுத்து, நான்கு பேரும் அதில் எதைத் தேடுவார்கள் என்று எழுதுங்கள். என் உதாரணம் பனியன் கம்பெனியின் தையல் லைன். மணிக்கு 80 பீஸ் தைப்பவர்கள் 100 தைத்தால் இன்சென்டிவ் என்று அறிவித்தும் எண்ணிக்கை ஏறவில்லை.

| கோட்பாடு | தேடுவது | தையல் லைனில் |
|---|---|---|
| மாஸ்லோ (1943) | நிறைவேறாத தேவை | அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று பயப்படுபவருக்கு இன்சென்டிவ் அப்புறம்தான் |
| ஹெர்ஸ்பெர்க் (1959) | வேலையிலேயே நிறைவு உண்டா | ஃபேன் போட்டால் முணுமுணுப்பு அடங்கும். சாம்பிள் பிரிவில் முழு உடையும் தைக்கக் கொடுத்தால் ஈடுபாடு வரும் |
| ஆடம்ஸ் (1963) | மற்றவரோடு ஒப்பிட்டால் நியாயமா | கஷ்டமான கழுத்துப்பட்டி வைப்பவருக்கும் எளிதான நேர்த்தையல் போடுபவருக்கும் ஒரே இலக்கு |
| வ்ரூம் (1964) | முயன்றால் பலன் வரும் என்ற நம்பிக்கை | கட்டிங்கிலிருந்து துணி தாமதமாக வருகிறது, முயன்றாலும் 100 வராது என்று நினைக்கிறார்கள் |

பி.காம். மாணவர்: ஹெர்ஸ்பெர்க் படி சம்பளம் ஊக்கம் தராது, சரிதானே?

பாதி சரி. சம்பளத்தை அவர் அதிருப்தியைத் தடுக்கும் பக்கத்தில்தான் வைத்தார். ஆனால் பிட்ஸ்பர்க் பகுதியில் அவர் குழு பேட்டி கண்ட சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்கள் சொன்ன மகிழ்ச்சியான அனுபவங்களிலும் சம்பளம் வந்தது. திறமைக்கான அங்கீகாரமாகச் சம்பளம் உயர்ந்தபோது அது பிடித்திருந்தது. வெற்றி என்றால் 'நான்', தோல்வி என்றால் 'கம்பெனி' என்று சொல்வது மனித இயல்பு, அதனால் பேட்டி முறையே இந்தப் பிரிவை உண்டாக்கியிருக்கலாம் என்ற விமர்சனம் இன்னும் தீரவில்லை. அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொருவர்: ஆடம்ஸ் சொல்லும் ஈக்விட்டி, ஊழியர்களுக்குக் கம்பெனிப் பங்கு கொடுப்பதா?

இல்லை, அது நியாய உணர்வு. நான் போடும் உழைப்புக்குக் கிடைப்பதும், பக்கத்து மெஷின்காரர் உழைப்புக்கு அவருக்குக் கிடைப்பதும் ஒத்துப்போகிறதா என்ற கணக்கு.

லைன் சூப்பர்வைசர் (அஞ்சல்வழிப் படிப்பு): எங்கள் லைனிலும் இதே கதைதான். இன்சென்டிவை ஏற்றியும் பலனில்லை. வ்ரூம் என்ன சொல்வார்?

அவர் மூன்றைப் பெருக்குகிறார். முயன்றால் 100 வரும் என்ற நம்பிக்கை 0.2, வந்தால் பணம் கைக்கு வரும் என்பது 0.9, பணத்தின் மீதான விருப்பம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 0.144. தொகையை ஏற்றி விருப்பம் முழு 1 ஆனாலும் 0.18தான். துணிக்கட்டு நேரத்துக்கு வந்து முதல் எண் 0.8 ஆனால், பழைய தொகையிலேயே 0.576.

இந்த எண்கள் நான் வைத்தவை. உங்கள் லைனில் குறைவது இரண்டாவதாகவும் இருக்கலாம்: '100 தைத்துக் காட்டினால் அடுத்த மாதம் இலக்கை 120 ஆக்கிவிடுவார்கள்' என்ற பயம். எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு ஷிஃப்டில் மெஷின் துணிக்காக எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்துப் பாருங்கள். அதிகம் நிற்கவில்லை என்றால், தைப்பவர்களிடமே கேளுங்கள்.