கீழ் ஏக்கர் யாருடையது?

கேள்வி: எனக்கு முரசுமோட்டையில் இரண்டு ஏக்கர் வயல். பெரிய மெசினை வாடகைக்குப் பிடித்துத்தான் செய்கிறேன். உழவுக்கு ஏக்கருக்கு 9,000, ரொட்டவேற்றர் அடிக்க 10,000. போன காலபோகத்தில் மெசின் பத்து நாள் பிந்தி வந்தது, கீழ் ஏக்கரில் புதைந்தும் விட்டது. லாண்ட்மாஸ்டர் ஒன்று லீசிங்கில் எடுக்க யோசிக்கிறேன். விலை 8 லட்சம். முற்பணம் 150,000 கையில் இருக்கிறது, மிச்சம் மாதம் 19,000 படி 4 வருடம். இல்லாவிட்டால் 25 லட்சத்துக்குப் பழைய ட்ரக்டர் எடுத்து வாடகைக்கும் விடலாமா? இங்கே ஒருவர் லாண்ட்மாஸ்டரை நாளுக்கு 6,000 படி தருகிறார், டீசல் நாங்கள் அடிக்க வேண்டும். கீழ் ஏக்கர் தங்கச்சிக்கு என்று அப்பா சொல்லிவிட்டுப் போனவர். அவளுக்கு இப்போது சம்பந்தம் பேசுகிறோம். எப்படியும் நான்தானே செய்வேன். எது லாபம்?

பதில்: தம்பி, உங்களுக்கு இரண்டு ஏக்கர் இல்லை, ஒரு ஏக்கர்தான் இருக்கிறது. மற்றது தங்கச்சியுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "நான்தானே செய்வேன்" என்று அதைத் திரும்ப எடுத்தும் விட்டீர்கள். அவளிடம் கேட்டீர்களா? வரப்போகிற மாப்பிள்ளை கமம் செய்கிறவரா இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்கள் அதைத் தாங்களே செய்யலாம், வேறு ஆளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம். நாலு வருட லீசிங்கில் கையெழுத்து வைக்கப் போகிற நீங்கள், ஒரு வருடத்தில் கைமாறப் போகிற காணியைக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பெரிய மெசின் புதைந்தது கீழ் ஏக்கரில். லாண்ட்மாஸ்டர் ஆசை வந்ததும் அந்தச் சேற்றால்தான். மேல் ஏக்கரில் மெசின் ஒரு கரைச்சலும் இல்லாமல் ஓடியிருக்கிறது, அங்கே ஏதும் நடந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அப்படியென்றால் உங்கள் சொந்தக் காணிக்கு லாண்ட்மாஸ்டர் தேவையே இல்லை. தங்கச்சியின் காணிக்காக உங்கள் பெயரில் கடன் எடுக்கிறீர்கள். அதை அவளுக்குச் செய்கிற உதவி என்று வேறு நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, உங்கள் ஒரு ஏக்கருக்குக் கணக்குப் பார்ப்போம். காலபோகத்துக்கு உழவும் ரொட்டவேற்றரும் சேர்த்து 19,000. சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எல்லோருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் பங்கு பிரிக்கிறார்கள். அரை ஏக்கர் கிடைத்தது என்று வைத்தால் இன்னொரு 9,500. வருடத்துக்கு 28,500, நாலு வருடத்துக்கு 114,000. லாண்ட்மாஸ்டருக்கு முற்பணமும் தவணையுமாக நீங்கள் கட்டப் போவது 1,062,000. நாலு வருடம் கழித்துப் பாதி விலைக்கு விற்றாலும் ஆறரை லட்சத்துக்கு மேல் போய்விடும். டீசல், பெல்ட், ரொட்டவேற்றர் கத்தி எல்லாம் இதற்கு வெளியே. தவணை மாதாமாதம் வரும், நெல்லுக்காசு வருடத்துக்கு இரண்டு தரம் வந்தால் பெரிய விஷயம். நடுவில் வருகிற மாதங்களுக்கு எங்கே போவீர்கள்? எந்த நகை அடகுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்காரிக்கும் தெரியும்.

லாண்ட்மாஸ்டர் உதவாத சாமான் என்று நான் சொல்லவில்லை. வன்னியில் அது பிழைப்பது பெட்டியால். நெல் ஏற்ற, விறகு ஏற்ற, வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போக என்று பெட்டி கட்டி ஓடினால்தான் அதற்கு வருடம் முழுவதும் வேலை. நீங்கள் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வெறும் உழவுக்கு என்றால் அது வருடத்தில் சில நாள் ஓடி, மிச்ச நாளெல்லாம் கொட்டிலில் நிற்கும். உழவும் சும்மா இல்லை. ரொட்டவேற்றர் ஒரு தரம் போனால் இரண்டு அடி அகலம்தான் கிண்டும். ஒரு ஏக்கரை ஒருமுறை கிண்டி முடிக்க ஏறக்குறைய ஆறேமுக்கால் கிலோமீற்றர், சேற்றுக்குள், கைபிடியை அமத்திக்கொண்டு நடக்க வேண்டும்.

பழைய ட்ரக்டர் கதையை விடுங்கள். அது வேறு தொழில். காலபோக உழவுக்குக் கிடைப்பது ஒரு மாதம், ஒன்றரை மாதம். அதற்குள் தினமும் நாலு ஏக்கர் மற்றவன் வயலில் உழுது, உடைவு ஒன்றும் வராமல் இருந்தால்தான் தவணைக்குக் காணும். பழைய மெசின் உடைவதே அந்த மாதத்தில்தான்.

மெசின் பிந்தியதும் புதைந்ததும் இரண்டு பிரச்சினை இல்லை. பத்து நாள் பிந்தியதால் மழை விழுந்து மேல் ஏக்கரின் தண்ணீரும் கீழே வடிந்து நின்றுவிட்டது. மண் ஈரப்பதமாக இருக்கும்போது முதல் உழவு விழுந்திருந்தால் அதே மெசின் அங்கேயும் ஓடியிருக்கும். பிந்தியதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு ஏக்கருக்காக மெசின்காரர் தனியே வரமாட்டார், போகிற வழியில் பத்து ஏக்கர்காரன் மறித்தால் அங்கே இறங்கிவிடுவார். ஆகவே உங்கள் வாய்க்காலில் செய்கிற மூன்று நாலு பேரோடு பேசி, எட்டுப் பத்து ஏக்கராகச் சேர்த்து ஒரே நாளைக்குக் கேளுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் திகதி தீர்மானித்த பிறகு போனால் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், அதற்கு முன்னர் போங்கள்.

ஏக்கர் கணக்கில் கொடுக்கும்போது ஓட்டுகிறவர் அவசரப்படுவார். வேகமாக ஓட்டினால் கொழு மேலாலே கீறிக்கொண்டு போகும், பார்வைக்கு உழுத வயல் மாதிரியே இருக்கும். காசைக் கொடுக்க முதல் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். நாலைந்து இடத்தில் குத்தினால் ஐந்து அங்குலமாவது இலேசாக இறங்க வேண்டும். இரண்டு சாலுக்கு நடுவே புல்லு நிமிர்ந்து நின்றால் அந்த இடம் கிண்டுப்படவில்லை. மெசின் வயலில் நிற்கும்போதே சொல்லுங்கள், றோட்டில் ஏறிய பிறகு யாரும் திரும்பி வரமாட்டார்கள். இரண்டாம் உழவுக்குப் பத்துப் பதினாலு நாள் விடுங்கள், முளைத்த களை அதோடு மடியும்.

அப்படியும் கீழ் ஏக்கர் சேறாகிவிட்டால், அந்த 6,000 ரூபாய் லாண்ட்மாஸ்டரை ஒரு நாளைக்கு எடுங்கள். இரும்புச் சில்லைப் போட்டு, ஏழெட்டு லீற்றர் டீசலில் ஒரு ஏக்கர் முடியும். வரம்போரமும் மூலையும் அதிலேயே சரிவரும், பலகையும் அடித்துவிடலாம். அந்தச் செலவைத் தங்கச்சியின் கணக்கில் எழுதுங்கள். அவளுக்கு என்று ஒரு கணக்கு வேண்டும், இவ்வளவு நாளும் வைத்திருக்க மாட்டீர்கள்.

அந்த 150,000க்கு வருவோம். அப்பா போன பிறகு கீழ் ஏக்கரில் எத்தனை போகம் வெட்டினீர்கள்? ஒரு போகத்துக்காவது அவளுக்குக் குத்தகை நெல் அளந்தீர்களா? உங்கள் பக்கத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை குத்தகை போகிறது என்று உங்களுக்குத் தெரியும். போகத்தை எண்ணி, மூட்டையால் பெருக்கிப் பாருங்கள். முற்பணம் என்று நீங்கள் வைத்திருக்கிற காசில் பெரும்பங்கு அவளுடையது என்றுதான் நான் நினைக்கிறேன். கலியாணம் பேசுகிற வீட்டில் அந்தக் காசு லீசிங் கந்தோருக்குப் போகக் கூடாது. அதை அவள் பெயரில் வங்கியில் போடுங்கள். காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால், யாருடைய பெயர் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் போய்ப் பாருங்கள். அப்பா வாயால் சொன்னது அங்கே செல்லாது.

இதெல்லாம் முடிந்த பிறகும் அவள் "அண்ணா, நீங்களே செய்யுங்கோ" என்றால் செய்யுங்கள், குத்தகையை முன்னமே பேசி. மேல் ஏக்கருக்கு மெசின்காரரிடம் இந்தக் கிழமையே சொல்லி வையுங்கள்.