தாமதத்துக்கு எவ்வளவு காரணம் சொல்வது?

வணக்கம் சார்,

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறிய மென்பொருள் குழு. ஒரு நிறுவனத்தின் பழைய கணக்குத் தரவை எல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தரும் வேலையை எடுத்திருக்கிறோம். அதை முழுக்கக் கவனித்துவந்தவர் திடீரென்று உடம்பு முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். எப்போது திரும்புவார் என்று தெரியவில்லை. வாடிக்கையாளருக்கு அவரை நன்றாகத் தெரியும், தினமும் போனில் பேசியவர்கள். ஒன்றும் சொல்லாமல் தேதியைத் தள்ளினால் சாக்கு என்று நினைப்பார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நாளைக்கு அவர் திரும்பி வந்து அவர்களோடு எப்படி இயல்பாகப் பேசுவார்? எந்த இடத்தில் நிறுத்துவது?

கே.

அன்புள்ள கே.,

வாடிக்கையாளருக்கு எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவரால் பேச முடியாத நிலை என்றால் அவர் சார்பில் பேசுகிற வீட்டாரிடம் கேளுங்கள். “என்ன சொல்லட்டும்?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள்; படுத்திருப்பவருக்கு அது இன்னொரு வேலை. ஆமாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் தரும்படி அனுப்புங்கள்: “வாடிக்கையாளரிடம் ‘உடல்நலக் காரணமாக விடுப்பில் இருக்கிறார்’ என்று மட்டும் சொல்லலாமா? வேண்டாம் என்றால் ‘விடுப்பில் இருக்கிறார்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.” பதில் வரவில்லை என்றால் இரண்டாவதுதான். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள இது இடமில்லை.

“எங்கள் குழுவில் ஒருவர்” என்று எழுதி அவர் பெயரை மறைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஐந்து பேர் குழுவில், அதுவும் தினமும் போனில் கேட்ட குரல் திடீரென்று காணாமல் போகும்போது, யார் அந்த ஒருவர் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிடம் ஆகாது. ஆள் யார் என்பதை மறைக்க முடியாது. அவருக்கு என்ன என்பதை மறைக்கலாம். ஆகவே பெயரைச் சொல்லி, விடுப்பில் இருக்கிறார் என்று நேராகவே எழுதுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வியில் இருக்கிற பயத்துக்கு வருகிறேன். நோயைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் சாக்கு போலத் தெரியும் என்கிறீர்கள். நான் பார்த்தவரை சாக்கு போலத் தெரிவது நோய் விவரம் குறைந்த கடிதம் அல்ல, வேலை விவரம் இல்லாத கடிதம். “தவிர்க்க முடியாத காரணங்களால் சற்றுத் தாமதமாகும், விரைவில் முடித்துத் தருகிறோம்” என்ற ஒரு வரியை வைத்து அவர்கள் என்ன செய்ய முடியும்? புதிய மென்பொருளுக்கு மாறும் நாளை வைத்து அவர்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்திருப்பார்கள். பழைய மென்பொருளின் உரிமத்தை நீட்டிக்க வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். மாதக் கடைசிக் கணக்கை எதில் முடிப்பது என்று தெரிய வேண்டும். இதற்கெல்லாம் பதில் இல்லாத கடிதத்தை நம்ப வைக்கத்தான் நாம் ஐசியூ, அறுவை சிகிச்சை என்று எடுத்து வைக்க ஆரம்பிக்கிறோம். வேலையைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள், உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

அதற்கு முதலில் கணக்கு வேண்டும். உதாரணமாக ஒன்று போட்டுக் காட்டுகிறேன், எண்களை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். அவர் இருந்திருந்தால் இன்னும் 6 வேலை நாளில் முடிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் அவர் எழுதியதைப் படித்து, எந்தப் பழைய கணக்குத் தலைப்பு எந்தப் புதிய தலைப்புக்குப் போகிறது என்று புரிந்துகொள்ளவே 4 நாள் போகும். அப்புறம் அந்த 6 நாள் வேலை அவர் கையில் 9 நாள் ஆகும். பழைய, புதிய இருப்புத் தொகைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க 3 நாள். மொத்தம் 16 வேலை நாள், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் மூன்று வாரத்துக்கு மேல். நான் நான்கு வாரம் என்று சொல்வேன். அந்தத் தேதி மாதக் கடைசியில் போய் விழுந்தால் இன்னும் சில நாள் தள்ளி வைப்பேன். கணக்கை முடிக்கிற நேரத்தில் மென்பொருள் மாற்றத்தை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இந்தக் கணக்கில் அவர் திரும்பி வரும் நாள் எங்கேயும் இல்லை என்பதைப் பாருங்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். தேதியை அவர் குணமாவதோடு முடிச்சுப் போட்டால், ஒவ்வொரு முறை தேதி தள்ளும்போதும் அவர் உடல்நிலை பற்றிய செய்தியும் சேர்ந்தே போகும். “இன்னும் இரண்டு வாரம்” என்று நீங்கள் எழுதினால் “அப்படியானால் இன்னும் சரியாகவில்லையா?” என்று அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. அவர் சீக்கிரம் வந்துவிட்டால் வேலையும் சீக்கிரம் முடியட்டும், அது உபரி.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம், பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கிறேன்:

“தரவு மாற்றத்தைக் கவனித்துவந்த ____ எதிர்பாராத விதமாக உடல்நலக் காரணமாக விடுப்பில் இருக்கிறார். இந்த வேலையை இனி ____ பார்ப்பார். இதுவரை வாடிக்கையாளர் பட்டியலும் சரக்குப் பட்டியலும் முழுதாக மாற்றப்பட்டு உங்கள் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது. பழைய ஆண்டுகளின் பரிவர்த்தனைகளும் தொடக்க இருப்பும் பாக்கி. இந்தப் பகுதியை ஒருவரே செய்துவந்ததால், புதியவர் அதைப் புரிந்துகொள்ளும் நேரத்தையும் சேர்த்து, புதிய தேதியை ____ என்று வைத்திருக்கிறோம். அதுவரை பழைய மென்பொருளிலேயே பதிவைத் தொடருங்கள். நடுவில் சேரும் பதிவுகளையும் கடைசியில் சேர்த்து மாற்றித் தருவோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ____ அன்று எந்த நிலையில் இருக்கிறோம் என்று எழுதுகிறோம். நடுவில் எதற்கும் என்னை நேரடியாக அழைக்கலாம்.”

‘உடல்நலக் காரணமாக’ என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கடிதம் அப்படியே நிற்கிறது. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ‘ஒருவரே செய்துவந்ததால்’ என்பதை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு ஆள் இல்லை என்றால் வேலை ஏன் நிற்கிறது என்பதுதான் அவர்களின் அடுத்த கேள்வி. ஆளை அப்படிப் போட்டது குழுவின் ஏற்பாடு, விடுப்பில் போனவரின் குறை அல்ல. அதேபோல, அவர் படுப்பதற்கு முன்பே வேலை சில நாள் பின்தங்கியிருந்தால் அதையும் சேர்த்து அவர் நோயின் தலையில் கட்டிவிடாதீர்கள். அவர்களிடம் பழைய அட்டவணை இருக்கிறது, எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் உண்மையான காரணத்தையும் சந்தேகப்படுவார்கள்.

கடிதத்தில் வரக்கூடாதவற்றில் நோயின் பெயரையும் மருத்துவமனையையும் நீங்களே விட்டுவிடுவீர்கள். நல்லெண்ணத்தில் நுழைகிற வரிகள்தான் ஆபத்து. “பெரிதாக ஒன்றுமில்லை”, “சீக்கிரம் வந்துவிடுவார்”, “எல்லோரும் பிரார்த்தனை செய்துகொள்ளுங்கள்” எல்லாமே உடல்நிலை பற்றிய தகவல்கள்தான். கடைசியாகச் சொன்னது மற்ற இரண்டையும்விட அதிகம் சொல்கிறது. பொய்க்காரணமும் வேண்டாம். வீட்டில் விசேஷம் என்று சொல்லிவைத்தால், அவர் திரும்பி வந்ததும் “விசேஷம் எப்படி நடந்தது?” என்ற கேள்விக்கு அவர்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

கடிதம் போனதும் போன் வரும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். “ஐயோ, என்ன ஆச்சு அவருக்கு?” என்று கேட்பது பெரும்பாலும் உண்மையான அக்கறையோடுதான், அதற்கு விறைப்பாகப் பதில் சொல்லத் தேவையில்லை. “நீங்கள் விசாரித்ததை அவரிடம் சொல்கிறேன். விவரத்தை நான் சொல்வது முறையாக இருக்காது. வேலை விஷயத்தில் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்” என்றால் போதும். சிலர் அதோடு விடமாட்டார்கள், ஊகிக்க ஆரம்பிப்பார்கள். “விபத்தா?” என்பார்கள். “சேச்சே, அதெல்லாம் இல்லை” என்று ஆறுதலாகச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். அடுத்த ஊகம் “இதயமா?” என்று வரும், அதற்கு நீங்கள் “நான் சொல்லக்கூடாது” என்று பின்வாங்கினால் ஆமாம் என்று சொன்ன மாதிரிதான். முதல் ஊகத்துக்கும் கடைசி ஊகத்துக்கும் ஒரே பதில், ஒரே தொனி. குழுவில் மற்ற மூவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் உங்களிடம் கிடைக்காதது அவர்களிடம் கேட்கப்படும்.

இத்தனை கவனமாக இருந்தும் செய்தி வேறு வழியில் கசிவதுண்டு. குழுவுக்குள் நீங்கள் பேசிக்கொண்ட மின்னஞ்சலிலேயே வாடிக்கையாளரையும் சேர்த்துப் பதில் அனுப்பினால், மேலே அளந்து எழுதிய நாலு வரி, கீழே மூன்றாவது மடலில் “டாக்டர் இப்படிச் சொன்னார்” என்று தொடங்கும் பத்தி. எப்போதும் புதிய மடலாகவே தொடங்குங்கள். அவருடைய தானியங்கிப் பதில் என்ன சொல்கிறது என்று வெளி முகவரியிலிருந்து ஒரு மடல் போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரும் பார்க்கிற நாட்காட்டியிலோ பணிப்பலகையிலோ யாராவது ‘மருத்துவ விடுப்பு’ என்று பதிந்து வைத்திருந்தால் ‘விடுப்பு’ என்று மாற்றுங்கள்.

ஒப்பந்தத்தையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சில ஒப்பந்தங்களில் முக்கியப் பணியாளர்கள் என்று பெயர் போட்டு, அவர்களை மாற்றினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மாற்று ஆளுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இருக்கும். தாமதத்தை இத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற கெடுவும் இருக்கலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது சொற்களைச் செதுக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. ஆள் மாறுவதைத் தெரிவிப்பதுதான் அங்கே கடமை, நோயைத் தெரிவிப்பது அல்ல. வாடிக்கையாளர் மருத்துவச் சான்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், எந்த விதியின்படி கேட்கிறார்கள் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டம், 9ஆம் பிரிவில், உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்பு வேண்டியவற்றில் ஒன்றாக வைத்திருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தவர் என்றால் அவர்களுக்கே அந்தக் காகிதம் தலைவலி.

அப்புறம் அந்த இரண்டாவது கடிதம். எந்த நாளில் எழுதுவதாகச் சொன்னீர்களோ அன்றைக்கே அனுப்புங்கள், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். அதில் அவரைப் பற்றி வரி எதுவும் வேண்டாம். எத்தனை ஆண்டுப் பரிவர்த்தனை மாறியது, எத்தனை இருப்பு ஒத்துப்போகவில்லை, தேதி நிற்கிறதா என்பது மட்டும். அவர் திரும்பி வந்த பிறகும் நீங்கள் அறிவிப்பு எழுத வேண்டாம். என்றைக்கு, எப்படி வாடிக்கையாளரோடு பேச ஆரம்பிப்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.