கைமா பொதிந்த முட்டை: கறி வேகணும், கரு இறுகக் கூடாது

கேள்வி: அவித்த முட்டையைச் சுற்றி கைமா பொதிந்து பொரித்தால், வெளியே கருகிவிடுகிறது, உள்பக்கக் கறி பச்சையாக இருக்கிறது. கூடுதல் நேரம் விட்டால் முட்டை ரப்பராகிவிடுகிறது. எப்படிச் சரி செய்வது?

பதில்:

முட்டையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்துவிட்டுத்தான் பொதிகிறீர்கள் என்று நினைக்கிறேன். முழுதாக வெந்த முட்டை மறுபடி எண்ணெயில் வேகும்போது வெள்ளை இறுகி ரப்பராகும், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். வெள்ளையிலிருந்து வரும் கந்தகமும் கருவில் இருக்கும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அளவுக்கு மேல் வெந்துவிட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் முட்டையை அரைவேக்காட்டில் நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்த கடை முட்டை என்றால், கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஆறரை நிமிடம். நாட்டுக்கோழி முட்டை சிறியது, ஐந்தரை போதும். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு நன்றாகக் குளிரவிடுங்கள். வீட்டுக் கோழி இன்று இட்ட முட்டையை எடுக்காதீர்கள். புது முட்டையில் ஓடு வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு வரும், இளசாக அவித்ததை உரிக்கும்போது பிய்ந்துவிடும். ஒரு வாரம் ஆனது நல்லது. உரித்து, ஃபிரிட்ஜிலேயே வைத்திருங்கள். முட்டை குளிர்ந்திருந்தால் கறி வேகிற நேரம் முழுக்கத் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது கறியின் கனம். 4 முட்டைக்கு 300 கிராம் மட்டன் கைமா போதும். மசாலாவோடு ஒரு முட்டைக்கு 80 கிராம் வரும், பொதிந்தால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனம். இதற்கு மேல் போனால் நீங்கள் சொன்ன தொல்லைதான். பாளையங்கோட்டையில் இருந்தாலும் கறி வாங்க நான் மேலப்பாளையம்தான் போவேன். "சுத்தக் கறியாவா?" என்று கேட்டால் "கொஞ்சம் கொழுப்பு சேத்தே போடுங்க பாய், ரெண்டு தடவ விட்டு எடுங்க" என்பேன். கொழுப்பே இல்லாத கறி வெந்ததும் வறண்டு வெடிக்கும்.

கைமாவில் முதலில் உப்பை மட்டும் போட்டு, கையில் ஒட்டும்வரை பிசையுங்கள். பொதி பிரியாமல் பிடித்துக்கொள்வது இந்தப் பசைதான். அப்புறம் இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், சோம்பு, மல்லித்தழை, இரண்டு ஸ்பூன் பொரிகடலை மாவு. வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு மாவு தளரும், வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். முட்டையை ஈரம் போகத் துடைத்து, மேலே லேசாக மாவு தூவி, உள்ளங்கையில் கறியைத் தட்டி நடுவில் வைத்து மூடுங்கள். காற்று உள்ளே நிற்கக் கூடாது. கறி வெந்தால் சுருங்கும், சரியாக மூடாத இணைப்பில்தான் முதலில் வாய் பிளக்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்.

எண்ணெய்ச் சூடுதான் கருகுவதற்குக் காரணம். 165 டிகிரி போதும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளிக் கறியைப் போடுங்கள்: அடியில் போய், சிறு குமிழ் விட்டு மெதுவாக மேலே வர வேண்டும். போட்டதுமே சீறிக்கொண்டு மிதந்தால் சூடு அதிகம். முட்டை முங்குகிற அளவு கடலெண்ணெய், ஒரு நேரத்தில் இரண்டு மட்டும், திருப்பித் திருப்பி ஏழெட்டு நிமிடம். ரொட்டித்தூள் பூசினால் சீக்கிரம் சிவந்துவிடும், நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

வெந்ததா என்று பார்க்க, அதே கனத்தில் வடை தட்டிப் பொரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது சரிவராது. வடைக்கு இரண்டு பக்கமும் சூடு ஏறும், இதற்கு வெளிப்பக்கம் மட்டும்தான், உள்பக்கம் குளிர்ந்த முட்டை. வெப்பமானி ஊசியைச் சாய்த்துச் செருகி, முட்டையை ஒட்டிய கறியில் பாருங்கள்: மட்டனுக்கு 71, கோழிக் கைமாவுக்கு 74 டிகிரி வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஈட்டில் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். முட்டையை ஒட்டிய இடம் கொழகொழவென்று இருந்தால், மீதிக்குத் தீயைக் கூட்டாமல் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், கைமாவை ஊறவைத்த கடலைப்பருப்போடு தண்ணீர் வற்ற வேகவைத்து, அரைத்துப் பொதிந்துவிடுங்கள். முட்டை வெள்ளையில் தோய்த்து இரண்டு மூன்று நிமிடம் சிவக்கவிட்டால் முடிந்தது. கறியின் சாறு கொஞ்சம் குறையும், ஆனால் பத்துப் பேருக்குச் செய்யும்போது நான் இதைத்தான் செய்வேன். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடுவதாக இருந்தாலும் இதுதான் தோது, முட்டையை மட்டும் ஒன்பது பத்து நிமிடம் அவித்துக்கொள்ளுங்கள்.

புரோட்டாவுக்குச் சால்னாவோடு கொடுப்பதாக இருந்தால், உள்ளே போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். பாதியாக நறுக்கித் தட்டில் வைத்து, சூடான சால்னாவை ஓரமாக ஊற்றுங்கள்.