பம்ப் வேண்டாம், டேங்க்கைத் தூக்குங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் (எஃப்.பி.சி. என்கிற தட்டைப் பேனல் மாடல், இரண்டு பேனல்) போட்டு ஆறு மாதம் ஆகிறது. சாயங்காலம் கை வைக்க முடியாத சூடு. விடிகாலையில் குளிக்கப் போனால் வெதுவெதுப்புதான். பேனலின் மேல் விளிம்பு தரையிலிருந்து மூணேகால் அடி, வெந்நீர் டேங்க்கின் அடிப்பாகம் இரண்டடி உயரத்தில் இருக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், சின்னதாக ஒரு பம்ப் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். வைக்கலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பம்ப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். பேனலும் நல்ல பேனல்தான், டேங்க்கும் நல்ல டேங்க்தான். டேங்க் நிற்கும் உயரம்தான் தப்பு. நீங்கள் அளவு எடுத்து எழுதியதால் இதை இங்கிருந்தே சொல்ல முடிகிறது.

இந்த ஹீட்டரில் தண்ணீரை ஓட்டுவது எடை வித்தியாசம். 28 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 996 கிராம். அதே லிட்டர் 60 டிகிரியில் 983 கிராம்தான். வெயிலில் பேனலுக்குள் இருக்கும் செம்புக் குழாய்த் தண்ணீர் சூடாகி எடை குறைந்து, மேல் குழாய் வழியாக டேங்க்குக்கு ஏறுகிறது. டேங்க்கின் அடியில் இருக்கும் கனமான குளிர்ந்த நீர், கீழ்க் குழாய் வழியாகப் பேனலின் அடிக்கு இறங்குகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. ஆனால் தள்ளும் விசை மிகச் சின்னது. மூன்றடி உயர வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு விரற்கடை உயரத் தண்ணீரின் எடைக்கு மேல் தேறாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ராத்திரி என்ன நடக்கிறது? கண்ணாடி மூடிய பேனல் வானத்தைப் பார்த்துக்கொண்டு குளிர்கிறது. உங்கள் வீட்டில் டேங்க்கின் கீழ்ப்பாதியும் பேனலின் மேல்பாதியும் ஒரே மட்டத்தில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ஒரு பக்கம் சூடான லேசான நீர், இன்னொரு பக்கம் குளிர்ந்த கனமான நீர். கனமானது கீழே இறங்கி, கீழ்க் குழாய் வழியாக டேங்க்குக்குள் தள்ளுகிறது. டேங்க்கின் வெந்நீர் மேல் குழாய் வழியாகப் பேனலுக்குள் இழுபடுகிறது. பகலில் ஓடிய சுற்று அப்படியே தலைகீழாக ஓடுகிறது. பகலெல்லாம் சூடாக்கியதை ராத்திரியெல்லாம் ஆற வைக்கும் கருவி ஆகிவிட்டது உங்கள் பேனல். டேங்க் முழுவதும் பேனலுக்கு மேலே இருந்தால், பேனலிலும் அதன் பக்கத்துக் கீழ்க் குழாயிலும் நிற்பது இரண்டுமே குளிர்ந்த நீர். ஒன்றை ஒன்று தள்ளாது.

சந்தேகம் இருந்தால் விடிவதற்கு முன் மாடிக்குப் போய், பேனலிலிருந்து டேங்க்குக்குப் போகும் மேல் குழாயை, பேனல் ஓரத்தில் காப்புறையை விலக்கித் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் திருப்பி ஓடுகிறது என்று அர்த்தம்.

இனி அளவு. டேங்க்கின் அடிப்பாகம் பேனலின் மேல் விளிம்பைவிடக் குறைந்தது ஓரடி மேலே இருக்க வேண்டும். உங்களுக்கு அது நாலேகால் அடி; நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் காப்புறையோடு இரண்டடி விட்டம் என்றால் அதன் உச்சி ஆறரை அடியில் வரும். மேல்நிலைத் தொட்டியின் அடிப்பாகம் அதற்கும் ஓரடி மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் டேங்க் நிரம்பாது. தொட்டி மாடிப்படி அறைக்கு மேலே எட்டடியில் இருந்தால் கவலை இல்லை. தரையோடு இருந்தால் அதையும் தூக்கித்தான் ஆக வேண்டும். 200 லிட்டர் நீர் என்பது 200 கிலோ. செங்கல் அடுக்கி அதன் மேல் வைக்கிறேன் என்பவரைத் திருப்பி அனுப்புங்கள். வெல்டிங் செய்த ஆங்கிள் ஸ்டாண்ட், கால்கள் சுவர் அல்லது பீம் மேல் வர வேண்டும்.

குழாய் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேல் குழாய் பேனலை விட்டதிலிருந்து டேங்க் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது மேடு கட்டி இறங்கினால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். விரற்கடை விசையால் அதைத் தள்ள முடியாது. அப்போது நடுப்பகலில் பேனல் கொதிக்கும், டேங்க் குளிர்ந்தே கிடக்கும்.

பம்ப்பை விற்க முடியாதவர் அடுத்து 'நான்-ரிட்டர்ன் வால்வு' என்பார். ராத்திரி திரும்பி வராமல் தடுக்கும், உண்மைதான். அந்த வால்வின் ஸ்பிரிங்கைத் திறக்கும் அளவுக்குப் பகலிலும் விசை கிடையாது என்பதைச் சொல்ல மாட்டார். இன்னொரு கூட்டம், டேங்க் உச்சியிலிருந்து நிற்கும் காற்றுக் குழாயில் தண்ணீர் வழிகிறது என்று அதற்கு மூடி போட்டுவிட்டுப் போகும். இதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். காற்று உள்ளே வர வழியில்லாமல் டேங்க் காலியாகும்போது, மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு உள்நோக்கி நசுங்கிவிடும். வழிந்தால் அந்தக் குழாயின் உயரம் போதவில்லை. மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் ஓரடி நீட்டினால் நின்றுவிடும்.

பக்கத்து வீட்டில் டேங்க்கும் பேனலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஓரடி இடைவெளி இல்லையே என்று கேட்பீர்கள். அது இ.டி.சி., கண்ணாடி டியூப் மாடல். அதில் தனிக் குழாயே கிடையாது. டியூபின் வாய் நேராக டேங்க்குக்குள் திறக்கிறது. ஒரே டியூபுக்குள் மேல் சுவரை ஒட்டி வெந்நீர் ஏறும், கீழ்ச் சுவரை ஒட்டிக் குளிர்ந்த நீர் இறங்கும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் ராத்திரி அவ்வளவாக ஆறாது. அதனால் அந்த ஓரடி விதி அதற்கு இல்லை. ஆனால் மேல்நிலைத் தொட்டி விதியும் காற்றுக் குழாய் விதியும் அதற்கும் உண்டு. 'டியூப் மாடலுக்கு எந்த உயரமும் வேண்டாம்மா' என்று விற்பவர் பாதியைத்தான் சொல்கிறார். உங்களுடையதை எடுத்துவிட்டு டியூப் மாடல் போடச் சொல்வதற்கும் இதே பேச்சு வரும், தேவையில்லை.

பேனலுக்கு ஐ.எஸ். 12933 என்று தர முத்திரை உண்டு. அதை மாடியில் எந்த உயரத்தில் நிறுத்தினார்கள் என்று வந்து பார்க்க ஒரு ஆள் கிடையாது. ஸ்டாண்டில் மிச்சம் பிடிப்பது யாருக்கு லாபம் என்று உங்களுக்கே தெரியும். கூடவே, புது ஹீட்டருக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று 'பி.எம். சூர்ய கர்' பெயரைச் சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2024-ல் வந்த அந்தத் திட்டம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு, வெந்நீருக்கு அல்ல.

வேலை நடக்கும்போது பேனலைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள். காலிப் பேனல் வெயிலில் காய்ந்து, அதில் திடீரெனக் குளிர்ந்த நீர் பாய்ந்தால் இணைப்புகள் விட்டுவிடும். நீட்டிய குழாய்க்கும் காப்புறை சுற்றச் சொல்லுங்கள். முடிந்த அன்று நல்ல வெயில் அடிக்கட்டும். மதியம் மேல் குழாய் சுட வேண்டும், கீழ்க் குழாய் குளிர்ந்திருக்க வேண்டும். மறுநாள் விடியுமுன் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.