கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி: கரைதிறன் வரைபடம், கேள்வி பதில்

கேள்வி: 50 மில்லி நீரில் 40 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டேன். சூடு 40 டிகிரி. அந்தச் சூட்டில் 64 கிராம் வரை கரையும் என்று வரைபடம் காட்டுகிறது. ஆனால் அடியில் உப்பு அப்படியே கிடக்கிறது. வரைபடம் தப்பா?

வரைபடம் சரிதான், அது 100 கிராம் நீருக்குப் போட்டது. உங்களிடம் இருப்பது அதில் பாதி. அதனால் கோட்டோடு ஒப்பிடும் முன் உப்பை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்: 100 கிராம் நீருக்கு 80 கிராம். 40 டிகிரியில் கோடு 64-இல் நிற்கிறது. உங்கள் 50 மில்லியில் 32 கிராம்தான் கரையும், மிச்சம் 8 கிராம் அடியில் தங்கும். அச்சில் "100 கிராம் நீருக்கு" என்று எழுதியிருப்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியென்றால் அவருடைய புள்ளி கோட்டுக்கு மேலே இருக்கிறது. மேலே இருந்தால் அதிதெவிட்டிய கரைசல் என்றுதானே படித்தோம்?

பாதி சரி. நீங்கள் குறித்தது அவர் போட்ட உப்பின் அளவை. குறிக்க வேண்டியது கரைந்திருக்கும் உப்பின் அளவை. அடியில் உப்பு கிடக்க, மேலே உள்ள நீர் 64-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. எனவே அது சரியாகக் கோட்டிலேயே இருக்கும் தெவிட்டிய கரைசல்.

அதே 40 கிராமை அதே 50 மில்லியில் 60 டிகிரி வரை சூடாக்குங்கள். அங்கே கோடு 110-ஐ நெருங்கிவிடும், எல்லாம் கரைந்து தெளிந்துவிடும். இப்போது தூசு விழாமல், அசைக்காமல் மெல்ல ஆறவிடுங்கள். 48 டிகிரி வாக்கில் கோட்டைத் தொடுவீர்கள். அதைத் தாண்டி 40-க்கு இறங்கியும் பீக்கர் தெளிவாகவே இருந்தால், 80-ம் கரைந்தபடியே இருக்கிறது. இதுதான் அதிதெவிட்டிய கரைசல். சூடும் ஒன்று, உப்பும் ஒன்று, நீரும் ஒன்று. வந்த வழிதான் வேறு.

கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதபோது அதே உப்பின் சின்னப் படிகம் ஒன்றைப் போடுங்கள். கரைந்தால் தெவிட்டாதது. அப்படியே கிடந்தால் தெவிட்டியது. அதைச் சுற்றி ஊசி ஊசியாக வளர ஆரம்பித்தால் அதிதெவிட்டியது. பொட்டாசியம் நைட்ரேட் இந்த நிலையில் அதிக நேரம் தாங்காது, பெரும்பாலும் நீங்கள் கவனிக்கும் முன்பே படிகம் விழுந்துவிடும். சோடியம் அசிடேட் நன்றாகத் தாங்கும். அதில் ஒரு துகள் விழுந்ததும் குடுவை முழுவதும் வெள்ளையாக இறுகி, கைக்குச் சூடாகும்.

கேள்வி: கண்ணாடிக் குச்சியால் உள்சுவரைச் சுரண்டினாலும் படிகம் விழுகிறதே, ஏன்?

விழும், நானும் அப்படித்தான் செய்வேன். சுவரில் விழும் கீறல் படிகத்துக்குப் பிடிமானம் தருகிறது என்கிறார்கள் சிலர். பெயர்ந்து விழும் கண்ணாடித் துகள்தான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கேள்வி: சூடு ஏற ஏற அதிகம் கரையும் என்றால், சூடான குளிர்பானத்தில் காஸ் ஏன் சீக்கிரம் போகிறது?

அந்தக் கோடு மேலே ஏறுவது பெரும்பாலான உப்புகளுக்கு. வாயுவின் கோடு கீழே இறங்கும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கரைக்கும், 20 டிகிரியில் 1.7, 40 டிகிரியில் ஒரு கிராமை ஒட்டி. பாட்டிலில் அழுத்தி ஏற்றியது 6 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்த நொடியில் சில்லென்று இருப்பதும் அதிதெவிட்டியதுதான்! ஆனால் அதில் உபரி 2.7 கிராம், சூடானதில் 5. உபரி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகக் குமிழி கிளம்பும்.

கேள்வி: ஒரு திருத்தம். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான். காற்றோடு சமநிலைக்கு வந்தால் 1.7 கிராமும் நிற்காதே?

சரியாகப் பிடித்தீர்கள். நான் சொன்ன எண்கள் தூய வாயுவுக்கானவை. ஆனால் குமிழிக்குள் இருப்பது ஏறக்குறைய தூய கார்பன் டை ஆக்சைடு, அதனால் குமிழி கிளம்புமா என்பதற்கு அந்த எண்ணே எல்லை. 20 டிகிரியில் 1.7-க்குக் கீழே போனதும் குமிழி நின்றுவிடும். அதன் பிறகு மேற்பரப்பு வழியாக, கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல வெளியேறும். திறந்தே வைத்தால், குளிர்ந்திருந்தாலும் என்றாவது ஒருநாள் முற்றிலும் சப்பென்று ஆகிவிடும்.

கேள்வி: என் பாட்டில் வெயிலில் நின்ற காரில் கிடந்தது, திறக்கவே இல்லை. காஸ் போயிருக்குமா?

போயிருக்காது. கொஞ்சம் வாயு கழுத்துப் பகுதிக்கு ஏறி அழுத்தத்தைக் கூட்டியிருக்கும், பாட்டில் கல்லாக இறுகியிருக்கும். இப்போது திறந்தால் பொங்கிக் கொட்டிவிடும். திறக்காமலே சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஏறிய வாயு மறுபடி கரைந்துவிடும்.